தேரோட்ட மாதத்து அறைகள்

தொண்ணூறுகளில் ஸ்ரீவில்லிபுத்தூர் லாட்ஜ் ஒன்றில் அறைப் பராமரிப்பை நான் மேற்பார்வையிட்டேன். ஆளுக்கு ஒரு நாளில் பன்னிரண்டு அறை என்பது முதலாளி வைத்த இலக்கு. தங்கியிருப்பவர் அறையைச் சீக்கிரம் பெருக்கிவிடலாம். காலி செய்த அறையில் விரிப்பு மாற்றி, குளியலறையும் தேய்த்துக் கழுவ வேண்டும். ஆடித் தேரோட்டத்தின்போது ஒரு நாள் தங்கிப் போகிறவர்களே வருவதால் எல்லாமே காலி செய்த அறைகள்தான்.

அந்த மாதம் எங்களிடம் நெடுநாள் வேலை பார்த்த பணிப்பெண் நாளுக்கு எட்டு அறையைத் தாண்டவில்லை. ஆண்டு மதிப்பீட்டில், "திருப்தியில்லைன்னு எழுது" என்றார் முதலாளி. நான் காரணத்தைச் சொல்லி, இலக்கை எட்டாதது அவள் குறையல்ல என்று எழுதினேன். வேலைச் சுத்தத்தைப் பாராட்டினேன். விருந்தினரை அதட்டுகிறாள் என்பதையும் சேர்த்தேன்.

அவளை உட்கார வைத்து வாசித்துக் காட்டினேன்.

"நல்லா எழுதிட்டு, பொறவு இதையும் எழுதுதியளேக்கா?"

"நீ அதட்டுனப்பவே ரெண்டு தடவ சொன்னேன்லா? இப்பப் புதுசாச் சொல்லல."

"ஈரத் துணிய மெத்தைல போடுதாவ. ஒருத்தரும் கேக்க மாட்டாவ. நாந்தான் கத்தணும்."

"அதையும் நீயே எழுது" என்று, பணியாளர் கருத்துக்கான இடத்தைக் காட்டினேன். எழுதிக் கையெழுத்திட்டாள்.

அதைப் படித்ததும் முதலாளி முணுமுணுத்தார். ஆனாலும் மறு ஆண்டு ஆடியில் இலக்கு எட்டாக இருந்தது. துணி காயப்போட மாடியில் கொடி கட்டியிருந்தது. சாவி கொடுக்கும்போதே வரவேற்பில் அதைச் சொன்னார்கள். அவள் குரல் முழுதாக இறங்கவில்லை. அந்த ஆண்டு மதிப்பீட்டில் அதையும் எழுதினேன்.