ஆடு மைக்கைத் தின்ற மாதம்

சங்கரன்கோவிலில் நாங்கள் நடத்தும் சமையல் சேனலுக்கு விளம்பரம் தர, கடையநல்லூர் பாத்திரக்கடை பாய் மாதச் சராசரி பார்வையைக் கேட்டார். பன்னிரண்டு மாதத்தையும் கூட்டி வகுத்து, ஏறக்குறைய ஐம்பத்தைந்தாயிரம் என்று எழுதினேன். எடிட்டிங் பார்க்கும் என் மனைவி விடவில்லை.

"ஆடு மைக்கைத் தின்ன வீடியோவால ஒரு மாசம் மட்டும் ஆறு லட்சம். மத்த மாசமெல்லாம் அஞ்சாயிரத்தைச் சுத்தித்தான். யாரை ஏமாத்துதிய?"

எரிச்சலோடு அந்த மாதத்தை அடித்தேன்.

"இருக்கதுலயே குறைஞ்ச மாசத்தையும் அடிங்க. ஒரு பக்கம் மட்டும் வெட்டுனா அதுவும் நியாயமில்ல."

மீதிப் பத்து மாதத்துக்குச் சராசரி ஐயாயிரம் வந்தது. அதையே அனுப்பினேன். விளம்பரமும் கிடைத்தது.

அவளுக்கு நன்றி சொல்ல வேண்டும். ஆட்டைப் பார்க்க வந்தவர்கள் போய்விட்டார்கள். என் குழம்பைப் பார்க்க மாதாமாதம் வருகிறவர்களை அன்றுதான் முதன்முதலாக எண்ணினேன்.