காலைச் சிகரெட்டும் பிரேக் மிதிக்கிற காலும்

அடையாறு ஆற்றோரக் குடியிருப்பில் இருக்கும் ஆட்டோக்காரன் வேலுவைப் பார்த்துக் கடிகாரத்தைத் திருத்தலாம். விடிகாலை ஐந்துக்கு டீ, கையில் சிகரெட். பாதி இழுப்பதற்குள் வயிறு கலக்கும். நேரே பொதுக் கழிப்பறைக்கு ஓடுவான். அறுபது வீட்டுக்கு நாலே கதவு. உள்ளே ஆற அமர உட்கார யாருக்கு அங்கே கொடுத்து வைத்திருக்கிறது? அந்த ஒரு சிகரெட்டை இருபது வருஷமாக மருந்து என்றே நம்பினான், மடையன்.

அந்த மருந்துதான் இப்போது அவன் காலைத் தின்றது. புகையால் ரத்தக் குழாய் அடைத்து, வலது கால் சுண்டுவிரலை எடுத்தாயிற்று. அடுத்த விரலும் கறுத்துவிட்டது. ஆட்டோவில் பிரேக் மிதிக்கிற கால் அது.

மற்ற சிகரெட்டையெல்லாம் விட்டவன், காலையில் பிடிப்பதை மட்டும் விடவில்லை. அரசு மருத்துவமனையில் கட்டு மாற்றும் நர்ஸ் ஷீலா, ஆறாத புண்ணைப் பார்த்தே அதைக் கண்டுபிடித்துவிட்டாள்.

"ஒண்ணே ஒண்ணு சிஸ்டர். அது இல்லாங்காட்டி வெளிக்கே வரமாட்டேங்குது."

"நிகோடின் குடல் நரம்பைத் தூண்டி விடுது வேலு. சூடா டீயும் பழகின நேரமும் சேர்ந்து தள்ளுது. அது வைத்தியம் இல்ல, பழக்கம். விட்டா சில வாரம் மலம் கட்டும், அப்புறம் குடல் தானா பழகிடும். ஆனா தினம் ஒண்ணு பிடிச்சாலும் உன் ரத்தக் குழாய் அடைச்சுக்கிட்டேதான் இருக்கும். அப்புறம் விரலோட நிக்காது."

மலம் இளக டாக்டர் மருந்து எழுதினார். தண்ணீர், கீரை, டிபன் முடிந்ததும் கழிப்பறை, முக்கக் கூடாது என்றாள் ஷீலா.

அன்றே விட்டான். ஐந்து நாள் ஒன்றும் நடக்கவில்லை. வயிறு உப்பி, சோறு இறங்காமல், மனைவி தேவானையிடம் எரிந்து விழுந்தான். ஆனாலும் பழைய ஐந்து மணியைத்தான் கட்டிக்கொண்டு அழுதான். ஆறாம் நாளும் கழிப்பறைக் கதவை வெளியே இடித்தார்கள். போன மாதிரியே திரும்பி வந்தான்.

"இன்னா மாமா, கட்டிக்கினு கீதா?" வரிசையில் நின்ற மெக்கானிக் யாசிர், தன் சிகரெட்டை நீட்டினான். "ரெண்டு இழு, சரியாப்பூடும்."

நல்ல மனசில்தான் சொன்னான், பாவி. வேலு வாங்கிவிட்டான். புகை மூக்கில் ஏறியதுமே வயிற்றுக்குள் ஏதோ அசைந்தது. உதடு வரை கொண்டுபோனவன் குனிந்து கால் கட்டைப் பார்த்தான். சிகரெட்டை யாசிரிடமே திணித்துவிட்டு, அத்தனை பேர் எதிரில் ஓவென்று அழுதான்.

ஒன்பது மணிக்கு நாலு இட்லியும் இரண்டு சொம்பு வெந்நீரும் உள்ளே போன பிறகு வயிறு முறுக்கியது. நொண்டிக்கொண்டே ஓடினான். வரிசை இல்லை, கதவை யாரும் இடிக்கவில்லை.

வியர்த்து வழியத் திரும்பியவனின் கையைத் தேவானை பிடித்து இழுத்து முகர்ந்தாள். சிகரெட் நாற்றம் இல்லை, சோப்பு வாசனைதான் வந்தது. அவன் காலை மடியில் எடுத்து வைத்துக்கொண்டாள்.

"இந்த வெரலு போனாலும் போவட்டும்யா," என்றாள், குரல் உடைய. "காலு கீதுல்ல."