ஐந்தாவது கோடு

"…இந்தப் பொண்ணு மிஷின்ல சூடு ஜாஸ்தி வெச்சுட்டாம்மா, அதான் கம்பி முறிஞ்சுபோச்சு" என்று டாக்டர் சொல்லிக்கொண்டிருந்தார். நாற்காலியில் சாய்ந்திருந்த நோயாளி அக்கா, மரத்துப்போன உதட்டோடு என்னைத் திரும்பிப் பார்த்தார். எக்ஸ்ரேயில் அவருடைய கடைவாய்ப் பல்லின் வேருக்குள் ஒரு வெள்ளைக் கீற்று தெரிந்தது. வேரைச் சுத்தம் செய்யப் போன கம்பியின் நுனி அது. அரிசியில் பாதி இருக்கும். உள்ளேயே மாட்டிக்கொண்டது.

திருப்பதியில் அந்தப் பல் கிளினிக்கில் உதவியாளாக எனக்கு அது பதினோராவது வருஷம். அவ்வளவு வருஷத்தில் எனக்கு அப்படிக் கோபம் வந்ததில்லை. கையில் இருந்த எச்சில் உறிஞ்சும் குழாயைக் கொக்கியில் மாட்டினேன்.

அந்த அக்கா பாலசமுத்திரத்துப் பக்கம் கடலைக்காய் பயிரிடுகிறவர். காலையில் பஸ் ஏறி வந்திருந்தார். போன தடவை வந்தபோது டாக்டர், "புடுங்கிடலாமா, வேர் சிகிச்சை பண்ணலாமா?" என்று கேட்டதற்கு, "கடலைக்கா போடறவளே கடலைக்கா துன்ன முடியலன்னா ஊரு சிரிக்கும் சார், பல்லு இருக்கட்டும்" என்றார். ஊர் ஆந்திராவா தமிழ்நாடா என்று நான் கேட்டதற்கு, "கோடு எங்க கொல்லைக்குப் பின்னால போவுது கண்ணு. கோடு போட்டவன் ஒருத்தனும் களை புடுங்க வரல" என்றார். இப்படிப் பேசுகிறவர்களை எனக்கு ரொம்பப் பிடிக்கும். வீட்டுக்குப் போகிற பஸ்ஸில் அந்த வார்த்தைகளைத் திரும்பத் திரும்பச் சொல்லிப் பார்ப்பேன். அந்த அக்கா ஊருக்குப் போய் என்னைப் பற்றி என்ன சொல்வார்? எங்கள் ஊர் நகரிக்குப் பக்கம். எங்கள் ஜனத்தில் ஒரு பேச்சு எல்லாக் கல்யாணத்துக்கும் போய் வரும். சூடு வைக்கத் தெரியாதவள் பல்லைக் கெடுத்தாள் என்று ஆகிவிட்டால் நான் எங்கே போய் வேலை கேட்பது?

அந்தக் கம்பியைப் பற்றி நான் கொஞ்சம் சொல்ல வேண்டும். நிக்கலும் டைட்டானியமும் கலந்தது. பள்ளிக்கூடத்தில் படித்ததில்லை, பெட்டிக்குள் வரும் தாளை எழுத்துக் கூட்டிப் படித்தும், கம்பெனி ஆள் வந்தால் பிடித்து வைத்துக் கேட்டும் தெரிந்துகொண்டேன். சாதாரணக் குளிர்ச்சியில் இந்தக் கம்பி மிருதுவாக இருக்கும். வளைத்தால் வளைந்தபடியே நிற்கும். வேரின் வளைவுக்குள் அப்படியே நெளிந்து போகும். வளைந்தால் உள்ளே அணுக்கள் இடம்விட்டு ஓடிப்போவதில்லை. திருமலையில் தரிசன வரிசை திரும்புகிற இடத்தில் நாம் எல்லோரும் ஒரு பக்கமாகச் சாய்கிறோம் இல்லையா, முன்னால் நின்றவர் முன்னாலேயே, பக்கத்தில் நின்றவர் பக்கத்திலேயே, அதுபோல. அக்கம்பக்கம் மாறாததால், சூடு கொடுத்தால் எல்லோரும் ஒரே சமயத்தில் பழைய ஒழுங்குக்கு வந்து நிற்கிறார்கள். கம்பி நேராகிவிடுகிறது. மறுபடி ஆறினாலும் நேராகவே இருக்கும், அடுத்தவர் வளைக்கிற வரை. டீ குடிக்கிற சூட்டுத் தண்ணீரே போதும்.

டாக்டருக்கு இதை நோயாளிகளுக்குக் காட்டுவதில் ஒரு ஆசை. பழைய கம்பியை எடுத்துக் கொக்கி மாதிரி வளைப்பார். எவர்சில்வர் டம்ளரில் வெந்நீர் கேட்பார். உள்ளே விட்டதும் கம்பி உயிர் வந்த மாதிரி துள்ளி நேராகும். "பாத்தீங்களா, ஞாபகம்!" என்பார். குழந்தைகள் கை தட்டும். இதற்காகவே, தூக்கிப்போட வேண்டிய கம்பிகளைச் சிவப்பு மூடி டப்பாவில் சேர்த்து வைத்திருந்தோம்.

அங்கேதான் வினை. ஒரு கம்பி மூன்று கடைவாய்ப் பல்லுக்கு, அதற்கு மேல் கூடாது என்று கிளினிக் திறந்த அன்று சொன்னவர் அவரேதான். நான் ஒரு தாளில் கட்டம் போட்டுச் சுவரில் ஒட்டி, ஒவ்வொரு பல்லுக்கும் ஒரு கோடு இழுப்பேன். மூன்றாவது கோட்டுக்குப் பக்கத்தில் பெருக்கல் குறி. பிறகு டப்பா.

புதுக் கம்பிப் பெட்டி வர ஒரு வாரம் தாமதமானது. டாக்டர் டப்பாவைத் திறந்து ஒன்றை எடுத்தார். வளைத்தார். டம்ளரில் விட்டார். நேரானது.

"இது இன்னா, புதுசுதானே?"

"சார், உருவந்தான் திரும்புது. பட்ட அடி திரும்பாது."

"பெரிய சயின்டிஸ்ட்டு! மிஷின்ல போட்டு எடும்மா."

வளைந்த வேருக்குள் மோட்டார் அந்தக் கம்பியைச் சுழற்றும்போது ஒவ்வொரு சுற்றுக்கும் ஒரு பக்கம் இழுபடும், மறுபக்கம் நசுங்கும். அது ஆயிரக்கணக்கான தடவை நடக்கும். மேல்தோலில் மயிர் அளவு விரிசல் விழும். வெந்நீருக்கு அந்த விரிசல் தெரியாது. அணு இடம் மாறிப் போயிருந்தால் கம்பி முழுசாக நேராகாமல் கோணிக் காட்டும், அதைத் தூக்கிப் போடலாம். விரிசல் அப்படிக் காட்டாது. நேராக நின்று பொய் சொல்லும்.

இவ்வளவும் தெரிந்தும் நான் அதைப் பையில் போட்டு, நீராவியில் கிருமி நீக்கும் ஆட்டோக்ளேவ் மிஷினில் வைத்தேன். நாலாவது கோடு போட்டேன். அடுத்த நாள், அக்காவின் பல்லுக்கு, ஐந்தாவதும் போட்டேன். என் கோபத்தில் பாதி என் மேலேயே என்பதை அப்போது ஒப்புக்கொண்டிருக்க மாட்டேன்.

"பேஷன்ட் கார்டுல எழுதும்மா. ஸ்டெரிலைசேஷன்ல தப்புன்னு எழுது" என்றார் டாக்டர், கையுறையைக் கழற்றிக்கொண்டே.

பேனாவை எடுத்தேன். எழுத வரவில்லை.

"மிஷினு நூத்தி முப்பத்தி நாலு டிகிரி சார். நானே நெனச்சாலும் அதுக்கு மேல ஏத்த முடியாது. கம்பியோட ஞாபகத்தையே மாத்தணும்னா ஐநூறு கிட்ட வேணும். அதுக்கு நான் செங்கல் சூளைக்குத்தான் போவணும்."

"பேஷன்ட் முன்னாடி இன்னா பேச்சு இது?"

"நீங்க பேஷன்ட் முன்னாடிதானே சொன்னீங்க?"

அக்கா மெல்ல எழுந்து உட்கார்ந்தார். வாய் ஒரு பக்கம் கோணியிருந்தது. "அது இன்னா கண்ணு, செவுத்துல கோடு கோடா?" என்றார்.

நான் தாளைக் கிழித்து எடுக்கவில்லை. விரலை மட்டும் வைத்துக் காட்டினேன். "இது ஒங்க பல்லுல ஒடஞ்ச கம்பி, அக்கா. மூணு கோடு, பெருக்கல். அதோட அது செத்துப்போச்சு. இது நாலு. இது ஒங்களுது, அஞ்சு."

"செத்ததையா எம் பல்லுல வுட்டீங்க?"

அக்கா என்னை விட்டு டாக்டரைப் பார்த்தார். "சார், எம் பல்லு போனாப் போவட்டும். அடுத்த டாக்டர் கேட்டா நான் இன்னான்னு சொல்றது? இந்தப் பொண்ணு சூடு வெச்சான்னா, இல்ல நீங்க செத்ததை எழுப்புனீங்கன்னா?"

டாக்டர் பழக்கத்தில் டப்பாவைத் திறந்து ஒரு கம்பியை எடுத்தார். வளைத்தார். டம்ளரில் காலையில் ஊற்றிய தண்ணீர் ஆறிப்போயிருந்தது. உள்ளே விட்டார். கம்பி வளைந்தபடியே கிடந்தது.

பிறகு என் கையிலிருந்த பேனாவை வாங்கினார். கார்டை முழங்கால் மேல் வைத்து, கம்பி ஐந்தாவது முறை பயன்படுத்தப்பட்டது, நுனி முறிந்து உள்ளே இருக்கிறது, முடிவு என்னுடையது என்று இங்கிலீஷில் எழுதிக் கையெழுத்துப் போட்டார். அக்காவிடம் நீட்டினார். அவர் அதைத் தலைகீழாகப் பிடித்திருப்பதைக் கண்டதும் திரும்ப வாங்கி, முகமூடியை இறக்கிவிட்டு, ஒவ்வொரு வரியாகத் தமிழில் படித்துக் காட்டினார்.