படிவத்தில் மூன்றாவது பெயர்

டொமினிக் துறைமுகக் கம்பனியில் கிரேன் ஓட்டுகிறார். அங்கே பழைய சம்பளத் திட்டத்தில் பிள்ளைக்கு நூறு ரூபா கல்விப்படி, விடுதியில் இருந்தால் இன்னும் முந்நூறு. இரண்டு பிள்ளைகளுக்கு மட்டும். நூறு ரூபாவுக்கு எழுத ஒரு நல்ல கொப்பிகூட வராது. ஆனாலும் வருடாந்தப் படிவத்தில் மூத்தவனின் பெயருக்கு வந்ததும் அவர் பேனையை மேசையில் வைத்தார்.

"மூத்தவர் மெல்ரோய் இன்னும் ஹொஸ்டல்லதானே?" என்று சம்பளப் பிரிவு சப்ரினா கேட்டாள்.

மகன் படிப்பை விட்டுக் கடலுக்குப் போய் மூன்று மாதம். பொய் எழுதினால் வேலை போகும். பெயரை வெட்டினால், அவன் இனிப் படிக்கமாட்டான் என்று தகப்பனே கையெழுத்திட்டதாகும்.

வெட்டினார். அதே இடத்தில் கடைசி மகள் நிரோஷினியின் பெயரை எழுதினார்.

சப்ரினா நிமிர்ந்து பார்த்தாள். "அண்ணன், உங்களுக்கு மூண்டு பிள்ளையளோ? ஒன்பது வருசமா உங்கட படிவத்தை நான்தானே வாங்கிறன், எனக்குத் தெரியாதே!"