மாறாது என்று அச்சடித்த வரி

அட்டைப்பெட்டிக் கம்பெனியில் கணக்கு பார்க்கும் அக்காவுக்கு முதுகுக்குப் பின்னால் ‘சந்தேகம்’ என்று பெயர். பிறவியிலேயே அப்படியில்லை. மூன்று வருஷத்துக்கு முன்னால் எவனோ ஒரு படுபாவி, கம்பெனி பெயரில் ‘வங்கிக் கணக்கு மாறிவிட்டது’ என்று மெயில் அனுப்பி, பெட்டி வாங்கும் பிஸ்கட் கம்பெனி முதலாளியின் பணத்தைச் சுருட்டிக்கொண்டான். இன்னொரு தடவை இப்படி ஆனால் வேறு இடம் பார்த்துக்கொள்வேன் என்றார் அவர். கம்பெனியின் பாதிப் பெட்டிகள் அவருக்குத்தான் போகின்றன. அன்றைக்கே எல்லா பில்லின் அடியிலும் ஒரு வரியை அச்சடிக்க வைத்தாள் அக்கா: எங்கள் வங்கிக் கணக்கு ஒருபோதும் மாறாது, மாறியதாக யார் சொன்னாலும் நம்பாதீர்கள்.

இப்போது அந்தக் கணக்கே மாறித் தொலைத்தது. கடன் தந்த புது வங்கி, வரவெல்லாம் தன்னிடமே வர வேண்டும் என்றுவிட்டது.

வாடிக்கையாளர்களுக்குப் போகும் கடிதத்தில் ‘உடனே’, ‘தாமதித்தால்’ என்றெல்லாம் எழுதச் சொன்னார் அட்டைப்பெட்டி முதலாளி. திருடன் அப்படித்தான் எழுதுவான் என்று அக்கா ஒற்றைக் காலில் நின்றாள். நாலு தாளைக் கிழித்துப் போட்டு, ஐந்தாவதில் இப்படி எழுதினாள்: புதிய கணக்கு எண்ணை இதில் தரவில்லை. உங்களிடமுள்ள பழைய பில்லில் இருக்கும் தொலைபேசி எண்ணுக்கு நீங்களே கூப்பிட்டுக் கேளுங்கள். அவசரமில்லை, பழைய கணக்கு மூன்று மாதம் திறந்திருக்கும்.

முதலாளி கையெழுத்துப் போட்டார். கடிதங்கள் பில்லோடு லாரியில் போயின.

மற்றவர்கள் ஒவ்வொருவராகக் கூப்பிட்டுக் கேட்டார்கள். பிஸ்கட் முதலாளி மட்டும் மூச்சே விடவில்லை. அக்காவுக்கு இருப்புக் கொள்ளவில்லை. போனை எடுத்துக் காதில் வைத்து, உயிர் இருக்கிறதா என்று பார்ப்பாள். டீ ஆறிப்போகும். அவளாகக் கூப்பிடவும் வழியில்லை. வலியப் போய்ப் பேசினால் சந்தேகம் இரட்டிப்பாகும். அவள் வெட்டிய குழியில் அவளே விழுந்தாள். ஐந்தாம் நாள் மதியம் போன் அடித்தது.

“பழைய பில்லப் பாத்துத்தான் கூப்பிடுறேன். அடியில இருக்கிற வரியப் படிங்க.”

அவரேதான். படித்தாள். ‘ஒருபோதும் மாறாது’ என்பதையும் விழுங்காமல் படித்தாள்.

“அப்ப இது பொய்யா?”

அட்டைப்பெட்டி முதலாளி எதிரே நின்று, சமாளி என்று கையைக் காட்டினார். அக்கா அந்தப் பக்கம் பார்க்கவில்லை.

“தப்புங்க. நான்தான் எழுதினேன். மாறாதுன்னு சொன்னதே தப்பு. மாறினா யார்கிட்ட கேட்டு உறுதி பண்ணிக்கணும்னு எழுதியிருக்கணும்.”

போனில் காகிதம் புரட்டும் சத்தம் கேட்டது. போச்சு, எல்லாம் போச்சு என்று அவள் நாற்காலியைப் பிடித்துக்கொண்டாள்.

“அந்த மெயில் அனுப்பின திருடன் என்கிட்ட ஒரு தப்பையும் ஒத்துக்கல” என்றார் அவர். “நம்பரச் சொல்லுங்க, எழுதிக்கிறேன்.”

ஒவ்வொரு இலக்கமாக இரண்டு தடவை சொன்னாள். திருப்பிச் சொல்ல வைத்தாள்.

“மொத்தமா அனுப்பிடாதீங்க. முதல்ல சின்னதா ஒண்ணு போட்டுப் பாத்துட்டு, வந்துச்சான்னு இதே நம்பருக்குக் கேளுங்க.”

“உங்களுக்கு என்மேலயே சந்தேகமா?” என்று சிரித்தார் அவர். அக்காவும் சிரித்தாள், கண்ணைத் துடைத்துக்கொண்டே.