பி கிரேடு என்ற ஒரு வரி

சபா செயலாளர் கேட்டது ஐந்தே வரி. நிகழ்ச்சிப் புத்தகத்தில் அச்சடிக்க, பக்கவாத்தியக்காரரைப் பற்றி ஐந்து வரி. அதையே கச்சேரி வாய்ப்புக் கேட்டு மற்ற சபாக்களுக்கு அனுப்பும் கடிதத்திலும் வைத்துக்கொள்ளலாம் என்றார். நான் எண்ணூரில் ஷிப்டு வேலை பார்த்துக்கொண்டு மிருதங்கம் வாசிப்பவன். என்னைப் பற்றி ஐந்து வரி எங்கே இருக்கிறது?

தண்டையார்பேட்டையில் டிடிபி கடை வைத்திருந்த நண்பனிடம் போய் உட்கார்ந்தேன். யாரிடம் கற்றேன், எந்தெந்தக் கோயிலில் வாசித்தேன், யார் யாருக்கு வாசித்தேன். மூன்று வரியில் சரக்கு தீர்ந்துவிட்டது.

"ரேடியோ ஆடிஷன் போனியே, அது இன்னா ஆச்சு?"

"இன்னும் லெட்டர் வரல."

"வந்துரும் மாமு. புக்கு கைக்கு வர ஒரு மாசம் ஆவும். அதுக்குள்ள வராம எங்க பூடும்? போட்டுக்கலாம்."

'வானொலி நிலையத்தின் பி கிரேடு பெற்ற கலைஞர்' என்று அவன் தட்டினான். கிரேடுகளிலேயே அதுதான் அடிப்படி. ஆனாலும் அந்த வரி இல்லாதவனைப் பல சபாக்கள் திரும்பிக்கூடப் பார்க்காது. திரையில் அந்த வரியைப் பார்த்ததும் எனக்கே என் மேல் மரியாதை வந்துவிட்டது. வெட்கக்கேடு, ஆனால் உண்மை. அங்கிருந்தே சபாவுக்கு ஃபேக்ஸ் அனுப்பிவிட்டு வந்தேன்.

கச்சேரிக்குப் பத்து நாள் இருக்கும்போது லெட்டர் வந்தது. தேர்வாகவில்லை.

சபாவுக்குப் போன் செய்தேன். புத்தகம் அச்சாகி வந்துவிட்டதாம், நன்றாக வந்திருக்கிறதாம். வாயில் வந்ததை விழுங்கிவிட்டுப் போனை வைத்தேன். அன்றிலிருந்து சோறு இறங்கவில்லை. பொய் கிரேடு போட்டவன் என்று ஒரு சபாவில் பெயர் கெட்டால், மறுநாளே எல்லாச் சபாவுக்கும் தெரிந்துவிடும். அதற்குப் பிறகு மிருதங்கத்தை உறை போட்டுப் பரணில் ஏற்ற வேண்டியதுதான்.

"இன்னாய்யா, பேயறைஞ்ச மாதிரி கீறே?" என்றாள் மனைவி. அவளிடமும் சொல்லவில்லை. அவளோ பக்கத்து வீட்டுக்காரர்களையெல்லாம் கச்சேரிக்குக் கூப்பிட்டுவிட்டிருந்தாள்.

கச்சேரி அன்று மேடைக்குப் பின்னால் இருந்த அறையில் உட்கார்ந்து, மிருதங்கத்தின் இடப்பக்கமான தொப்பியில் ரவையைப் பிசைந்து ஒட்டிக்கொண்டிருந்தேன். எதிரே வயலின் வித்வான். வானொலி நிலையத்தில் வேலை பார்ப்பவர் என்று அன்றுதான் தெரிந்தது. அவர் கையில் நிகழ்ச்சிப் புத்தகம்.

"பி கிரேடா? பேஷ். லெட்டர் எப்ப வந்தது?"

"போன மாசம் சார்."

முதல் பொய்யையாவது அச்சு இயந்திரத்தின் தலையில் போடலாம். இது முழுக்க முழுக்க என் வாயிலிருந்து வந்தது.

"அடுத்த மாசம் நிலையத்துல எனக்குத் தனி ரெக்கார்டிங் இருக்கு. நீயே வாசியேன். அந்த லெட்டர் காப்பி ஒண்ணு மட்டும் கொண்டா."

சிரித்துக்கொண்டேதான் சொன்னார்.

அந்த நேரம் பார்த்து அறிவிப்பாளர் அம்மா உள்ளே வந்தார். திரை விலகியதும் படிக்க வேண்டிய தாளை நீட்டி, "உங்களப் பத்தி எழுதினதெல்லாம் சரியா இருக்கான்னு ஒருதரம் பாத்துடுங்க" என்றார். என் முறை வந்தது. அந்த வரி என்னைப் பார்த்தது. அவரிடமே பேனாவை வாங்கி அதை அடித்தேன். கோடு கோணிக்கொண்டு போயிற்று. தாளில் ரவை ஒட்டியது.

"ஏன், புக்குல இருக்கே?" என்றார்.

"அது தப்பும்மா. எனக்கு கிரேடு வரல."

பாடகர் சுருதிப் பெட்டியைத் திருகினார். நான் வயலின்காரர் பக்கம் திரும்பவே இல்லை.

மேடையில் என் அறிமுகம் இரண்டு மூச்சில் முடிந்தது. முன்வரிசையில் இருவர் புத்தகத்தைப் புரட்டி, எதையோ தேடி, ஒருவருக்கொருவர் காட்டிக்கொண்டார்கள். நான்காவது வரிசையில் என் மனைவி நிமிர்ந்து பார்த்தாள். முதல் பாட்டு முழுக்க என் விரல்கள் எனக்குச் சொந்தமாக இல்லை. எதை வாசித்தேன் என்று இன்றுவரை தெரியாது.

கச்சேரி முடிந்து வயலினைப் பெட்டியில் வைத்துக்கொண்டே அவர் என்னைக் கூப்பிட்டார்.

"ரிசல்ட் லிஸ்ட் போன வாரமே என் மேஜைக்கு வந்துடுத்து. உன் பேரு அதுல இல்லன்னு தெரிஞ்சுதான் லெட்டர் கேட்டேன்."

மிருதங்க உறையைக் கட்டிக்கொண்டிருந்தவன் நிறுத்தினேன்.

"நீ அந்த வரிய அடிக்கலைன்னா, அறிவிப்பு முடிஞ்சதும் செயலாளர்கிட்ட சொல்லிட்டுத்தான் வயலின் வில்லைக் கையில எடுத்திருப்பேன்" என்று சொல்லிவிட்டுப் பெட்டியை மூடினார்.

ராயபுரம் வரை பஸ்ஸில் மிருதங்கத்தை மடியில் வைத்து இறுக்கிப் பிடித்துக்கொண்டே வந்தேன். பக்கத்தில் மனைவி. அவள் கையில் புத்தகம், என்னைப் பற்றிய வரிகளில் விரல் வைத்தபடி. நான் சொல்வதற்காகக் காத்திருந்தாள்.