ஆவணிக்கு எடுத்த கல்யாணப் படம்

திருவொற்றியூர் நெடுஞ்சாலையில் காற்றடித்துப் பற்றவைக்கிற மண்ணெண்ணெய் ஸ்டவ்வும் அரிக்கேன் விளக்கும் செய்கிற கம்பெனியில், விளம்பரப் பிரிவில் எனக்கு வேலை. ராயபுரத்திலிருந்து பஸ்ஸில் போய்வருவேன். டைப் அடிப்பதற்காகத்தான் எடுத்தார்கள். தமிழ் நன்றாக எழுதுகிறேன் என்று தெரிந்தபின், தியேட்டரில் போடும் விளம்பரப் படங்களுக்கு வசனமும் என்னையே எழுதச் சொன்னார் மேனேஜர். அப்போது டெலிவிஷன் ஏது? படம் தொடங்குமுன்பும் இடைவேளையிலும் தியேட்டரில் ஓடுகிற ஒரு நிமிஷப் படம்தான் எங்களுக்கு எல்லாம்.

மாசியில் மேனேஜர் ஒரு வருஷத்துக்கான திட்டத்தைப் போட உட்கார்ந்தார். நான்கு படங்கள். ஜூனில் பள்ளிக்கூடம் திறக்கும்போது, விடிகாலையில் ஸ்டவ் பற்றவைத்துப் பிள்ளைகளுக்குச் சாப்பாடு கட்டும் அம்மா. ஆடியில் யாரும் கல்யாணம் வைக்க மாட்டார்கள் என்பதால் ஆவணி முகூர்த்தங்களுக்கு ஒரு கல்யாணப் படம். தை அறுவடைக்குக் களத்துமேட்டில் அரிக்கேன் விளக்கு. மாசி, பங்குனியில் பரீட்சைக்குப் படிக்கிற பிள்ளை முன்னால் அதே விளக்கு.

"தை மாசம் காட்டணும்னா தை மாசம் எடுக்க முடியாதும்மா" என்றார் அவர். எடுத்து, பிலிமைக் கழுவி, பின்னணிக் குரல் சேர்த்து, சென்சார் சர்ட்டிபிகேட் வாங்கி, பிரிண்ட் போட்டு, தகரப் பெட்டியில் வைத்து மதுரைக்கும் திருச்சிக்கும் ரயிலேற்ற இரண்டு மூன்று மாசமாவது வேண்டும். பொங்கல் சமயத்தில் கதிர் முற்றும்; ஆனால் எங்களுக்கு அதற்கு வெகு முன்பே முற்றிய கதிர் வேண்டும். பொன்னேரிப் பக்கம் சொர்ணவாரி நெல் ஆவணியில் அறுப்பார்கள் என்று விசாரித்து, அதைப் படம் பிடித்துவைத்துக்கொள்வதாக முடிவானது. அப்படி எப்போதும் வரப்போகிற காலத்திலேயே இருந்தோம். வெயிலில் நின்றுகொண்டு மழையைப் பற்றி எழுதுவேன்.

கல்யாணப் படத்தின் கதையை நான்தான் எழுதினேன். சீர்வரிசையெல்லாம் வண்டியில் ஏறிவிடுகிறது. கடைசியில் பெண்ணின் அம்மா உள்ளேயிருந்து புது ஸ்டவ்வை எடுத்துவந்து மகள் கையில் கொடுக்கிறாள். "புகையில்லாமல் சமைக்கட்டும் என் மகள்" என்று குரல். எழுதி முடித்தபோது எனக்குத் திருப்தியாக இருந்தது.

படமெடுக்க வந்த டைரக்டர், அம்மா வேஷத்துக்கு நடிகை வேண்டாம், நிஜமான முகம் வேண்டும் என்றார். தொழிற்சாலையைச் சுற்றிப் பார்த்தவர் பேக்கிங் பிரிவில் ஓர் அக்காவைக் காட்டினார். கொருக்குப்பேட்டையிலிருந்து நடந்தே வேலைக்கு வருகிறவர். ஸ்டவ்வை வைக்கோல் வைத்து அட்டைப்பெட்டியில் கட்டுவது அவர் வேலை. அதிகம் பேசமாட்டார். நான்தான் போய்க் கேட்டேன். கையிலிருந்த வைக்கோலைக் கீழே வைத்துவிட்டு, "இன்னா செய்யணும்?" என்றார்.

"உங்க பொண்ணுக்குக் கல்யாணம். ஸ்டவ்வ எடுத்துக் குடுத்து அனுப்பணும். பேச வேண்டாம்."

"செய்றேம்மா."

பக்கத்தில் நின்ற பெண்கள் எல்லோரும் தலையைக் குனிந்துகொண்டார்கள். வெட்கம் என்று நினைத்துக்கொண்டேன்.

ஆனி மாசத்தில் ஒருநாள், திருவொற்றியூர்க் கோயிலுக்குப் பக்கத்திலிருந்த சின்னக் கல்யாண மண்டபத்தில் படப்பிடிப்பு. மேனேஜரும் வந்திருந்தார். நாடகத்தில் நடிக்கிற பெண் ஒருத்தி மணப்பெண். அக்கா தன்னுடைய அரக்குப் புடவையையே கட்டி வந்திருந்தார். விளக்குகளைப் போட்டதும் அந்த இடம் கொதித்தது. கேமரா ஓடத் தொடங்கியது. அக்கா ஸ்டவ்வை இரண்டு கையாலும் தூக்கிவந்து அந்தப் பெண்ணிடம் கொடுத்தார். பிறகு யாரும் சொல்லாமலே அவள் கன்னத்தைத் தடவி, நெற்றியில் ஒட்டியிருந்த முடியை ஒதுக்கிவிட்டார். எனக்குக் கண் கலங்கிவிட்டது. டைரக்டர் தலையாட்டினார்.

பிலிம் கிடைப்பது அப்போது பெரும்பாடு. ஆனாலும் பாதுகாப்புக்கு இன்னொரு முறை எடுத்துவிடலாம் என்றார் டைரக்டர். ஸ்டவ்வை மறுபடி அக்கா கையில் கொடுத்தார்கள். அவர் வாங்கவில்லை.

"ஒரு வாட்டின்னுதான் வந்தேன். இன்னொரு வாட்டி என்னால முடியாது சார்."

களைப்பு என்று நினைத்து நான் தண்ணீர் கொண்டுபோனேன். அவர் சுவரோரம் போய்த் தரையில் உட்கார்ந்தார். பக்கத்தில் நானும் உட்கார்ந்தேன். அப்போதுதான் சொன்னார்.

"எம் பொண்ண வியாசர்பாடில குட்த்தேன். இங்கியே சல்லிசா கிட்ச்சிதுன்னு நம்ப ஸ்டவ்வத்தான் சீரா குட்த்தேன். ஒரு வருசங்கூட ஆவல. ஸ்டவ்வு வெட்ச்சிட்ச்சின்னு ஆள் வந்து சொன்னான். ஆஸ்பத்திரிக்குப் போறதுக்குள்ள எல்லாம் முடிஞ்சிபூட்ச்சி."

கொண்டுபோன தண்ணீரை நீட்டினேன். வாங்கிப் பக்கத்தில் வைத்தார்.

"வெட்ச்ச ஸ்டவ்வ காட்டுன்னு கேட்டேன். தூக்கிப் போட்டோம்னாங்க. எங்க போட்டாங்கன்னு கடசிவரிக்கும் சொல்லல. எரியறப்ப எண்ணெ ஊத்தினாளோ, வேற யாருனா இன்னானா செஞ்சாங்களோ, எனக்கு இன்னா தெரியும்?"

"அப்புறம் ஏங்க்கா ஒத்துக்கிட்டீங்க?"

"நல்லபடியா ஒரு வாட்டி அனுப்பிப் பாக்கலாம்னு தோணிச்சி."

மேனேஜர் எங்களுக்குப் பின்னால் நின்று கேட்டுக்கொண்டிருந்ததை அப்புறம்தான் பார்த்தேன். அவர் விளக்குகளை அணைக்கச் சொன்னார். அக்காவைத் தன் காரிலேயே கொருக்குப்பேட்டையில் கொண்டுபோய் விட்டார். நானும் கூடப் போனேன். ரயில்வே கேட் மூடியிருந்தது. கூட்ஸ் வண்டி போய் முடியும்வரை காத்திருந்தோம்.

மறுநாள் மேனேஜர் என்னைக் கூப்பிட்டு, கல்யாணப் படத்தை நிறுத்துவதாகச் சொன்னார். அதற்குப் பதிலாக வேறொன்று எழுதச் சொன்னார். கல்யாணமாகிப் போகிற பெண்ணுக்கு அம்மா ஸ்டவ்வை எப்படிப் பற்றவைப்பது என்று காட்டித்தர வேண்டும். அணைத்து, ஆறின பிறகுதான் எண்ணெய் ஊற்ற வேண்டும். அளவுக்கு மேல் காற்று அடிக்கக் கூடாது. அடுப்படியில் நைலான் புடவை கட்டக் கூடாது. எழுதிக் கொடுத்தேன். முதலாளிகள் படித்துவிட்டு ஒரே கேள்வி கேட்டார்களாம்: நம் ஸ்டவ் ஆபத்தானது என்று நாமே காசு கொடுத்துச் சொல்வதா?

ஆவணிக்குத் தியேட்டர்களில் இடம் முன்பே பேசி வைத்திருந்தது. வேறு வழியில்லாமல், கம்பெனிப் பெயரும் விளக்குப் படமும் வரைந்த கண்ணாடி ஸ்லைடை அங்கே போட்டார்கள். பொன்னேரியில் எடுத்த அறுவடைப் படம் தையில் ஓடியது. பரீட்சைப் படத்துக்கு நல்ல பேர். பங்குனி முடிவதற்குள் மேனேஜரைக் கோயம்புத்தூர்க் கிளைக்கு மாற்றினார்கள். காரணம் சொல்லவில்லை. நாங்களும் கேட்கவில்லை.

புது மேனேஜர் அடுத்த வருஷத்துத் திட்டத்தில் கல்யாணத்தை மறுபடி சேர்த்தார். இம்முறை நடிகை, ஸ்டுடியோ எல்லாம் உண்டு. வசனத்துக்கு என்னைக் கூப்பிட்டபோது, அணைத்து ஆறிய பிறகே எண்ணெய் ஊற்றவும் என்ற ஒரு வரி கடைசியில் வந்தால்தான் எழுதுவேன் என்றேன். எனக்கே என் குரல் புதிதாக இருந்தது. அவர் யோசித்துவிட்டு, எழுத்தாக மட்டும் போடலாம் என்றார்.

பேக்கிங் பிரிவுக்குப் போய் அக்காவிடம் சொன்னேன். கட்டிக்கொண்டிருந்த பெட்டியிலிருந்து கையை எடுக்காமலே கேட்டுவிட்டுச் சொன்னார். "எங்க தெருவுல முக்காவாசி பொம்பளைங்களுக்கு எழுத்து தெரியாதும்மா. வாயால சொல்லச் சொல்லு."

திரும்பிப் போய்ச் சண்டை போட்டேன் என்று சொல்ல மாட்டேன். கெஞ்சினேன். ஸ்டவ் நல்ல பெயரோடு நெடுநாள் உழைக்க வழி சொல்கிற மாதிரி அந்த வரியைத் திருப்பி எழுதிக் காட்டினேன். அதைக் குரலிலேயே சொல்லப் புது மேனேஜர் ஒத்துக்கொண்டார்.

அந்த ஆவணியில் ராயபுரத்தில் ஒரு தியேட்டருக்குத் தனியாகப் போனேன். பெண்கள் பக்கம் உட்கார்ந்தேன். இடைவேளை முடிகிற நேரத்தில் எங்கள் படம் வந்தது. முறுக்குக்காரன் கூவிக்கொண்டிருந்தான், குழந்தைகள் அழுதார்கள், பாதிப் பேர் இன்னும் வெளியிலிருந்து வரவில்லை. எண்ணெய் ஊற்றுவது பற்றிய கடைசி வரியை ஒரு பெண் குரல் நிதானமாகச் சொன்னது. எனக்கு முன்வரிசையில் கழுத்தில் புது மஞ்சள் கயிறோடு ஒருத்தி இருந்தாள். அந்த வரி முடிந்ததும் அவள் பக்கத்திலிருந்தவளிடம் குனிந்து ஏதோ கேட்டாள். என்ன கேட்டாள் என்று எனக்குக் காதில் விழவில்லை. பிறகு படம் தொடங்கிவிட்டது.